செவிப்பறைக்கு எந்தப் பக்கம்? தடிமனுக்குப் பிறகு பிள்ளைக்கு வரும் காதுக்குத்து

"மகனுக்கு மூன்று வயதும் நாலு மாதமும், 14 கிலோ. ஐந்து நாளாகத் தடிமன். ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக் கடலில் குளித்தான். செவ்வாய் இரவு ஒரு மணிக்குக் காதைப் பொத்திக்கொண்டு கத்தி எழும்பினான், உடம்பும் சுட்டது. கடல் தண்ணி போயிருக்கு, நல்லெண்ணெய் காய்ச்சி விடு என்கிறா மாமி. காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கு என்கிறார் இவர். விடிய எழும்பி ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடுகிறான். இது தண்ணியா, அழுக்கா, உள்ளே ஏதும் பழுத்திருக்கா? எண்ணெய் விடலாமா?"

எண்ணெய் விடாதீர்கள். மிச்சத்தை வாசிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பெரும்பாலும் நடுக்காதில் வந்த தொற்று. தண்ணீரும் இல்லை, அழுக்கும் இல்லை. காதுக்குள் லைட் அடித்துப் பார்க்காமல் யாரும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் இன்றோ நாளையோ ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். ஏன் அப்படி நினைக்கிறேன், அதுவரை வீட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். திருகோணமலையில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். மாரி தொடங்கினால் இந்தக் கேள்வி வராத கிழமை கிடையாது.

காதை ஒரு ஓடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும் வழி கொஞ்சத் தூரத்தில் முடிந்துவிடும். அந்த முடிவில் ஒரு மெல்லிய தோல் இழுத்துக் கட்டியது போல இருக்கும், அதுதான் செவிப்பறை. அதில் ஓட்டை இல்லாதவரை வெளியே உள்ளது எதுவும் அதைத் தாண்டி உள்ளே போகாது. கடல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், சவர்க்கார நுரை, காதுக் குறும்பி எல்லாம் அதன் வெளிப்பக்கத்தில் நிற்கிறவை. செவிப்பறைக்கு மற்றப் பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் நடுக்காது. சாதாரணமாக அதற்குள் வெறும் காற்றுத்தான். அந்த அறைக்கு ஒரு கதவு இருக்கிறது, ஆனால் அது காதுப் பக்கமாக இல்லை, மூக்கின் பின்பக்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்திருப்பீர்கள், அந்தக் குழாய் நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடி, உள்ளே காற்றைச் சமப்படுத்திக்கொண்டிருக்கும்.

ஆகவே பிள்ளைக்குக் காது வலித்தால் நான் முதலில் யோசிப்பது, வலி செவிப்பறைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்பதைத்தான். தடிமன் உள்பக்கத்தால் வருகிறது. தண்ணீரும் அழுக்கும் வெளிப்பக்கத்தால் வருகின்றன.

நம்முடைய பக்கத்துச் சுழியோடிகளைக் கேட்டுப் பாருங்கள். மூக்கு அடைத்த நாளில் ஆழத்துக்கு இறங்கினால் காது பிய்த்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். மூக்கின் பின்னால் வீக்கம் இருந்தால் அந்தக் குழாய் திறக்காது, உள்ளே அமுக்கத்தைச் சமப்படுத்த முடியாது. உங்கள் மகன் கடலுக்கு அடியில் போகவில்லை. ஆனால் அவனுடைய குழாயும் ஐந்து நாளாக அதே மாதிரி அடைபட்டுக் கிடக்கிறது. குழாய் மூடிக்கொண்டால் அறைக்குள் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு மெல்ல உறிஞ்சிவிடும், அந்த இடத்தில் நீர் ஊறும். மூக்கில் இருக்கும் கிருமி அங்கே போய்ச் சேர்ந்தால் நீர் சீழாகும். வெளியேற வழியில்லாத சீழ் செவிப்பறையை உள்ளிருந்து தள்ளும். பிள்ளை கத்துவது அந்தத் தள்ளலால்தான்.

பெரியவர்களுக்கு இது ஏன் அவ்வளவாக வருவதில்லை என்றால், நம்முடைய குழாய் மூன்றரை சென்ரிமீற்றர் வரை நீளம், நல்ல சரிவாகவும் இருக்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான், கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடக்கும், சுவரும் மெத்தென்று இருக்கும். வளர வளர அது நிமிரும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் இந்தத் தொற்று மிக அதிகம், பள்ளிக்கூட வயதுக்குப் பிறகு மெல்லக் குறையும்.

இப்போது உங்கள் மகனுடைய கதையை நாள் வாரியாகப் பார்ப்போம். தடிமன் வந்து ஐந்தாம் நாள் வலி. இது நடுக்காதுத் தொற்றின் வழமையான நேரம், தடிமன் தொடங்கி இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் வரும். நித்திரையில் இருந்து கத்தி எழும்பினான். படுத்திருக்கும்போது தலைப்பக்கம் இரத்தம் தேங்கி வீக்கம் கூடும், நித்திரையில் விழுங்குவது குறைவதால் குழாய் திறப்பதும் குறையும். காய்ச்சல் இருந்தது. காலையில் விளையாடுகிறான். இந்தக் கடைசி விஷயம்தான் நிறையப் பேரை ஏமாற்றும். எழும்பி நடமாடினால், பால் குடித்து விழுங்கினால், அமுக்கம் கொஞ்சம் இறங்கி வலி குறையும். அதனால் பகலில் சிரிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இரவு திரும்பவும் வரும்.

இதே கதை தண்ணீராக இருந்தால் எப்படி இருந்திருக்கும்? கடலில் இருந்து ஏறின உடனேயே காது அடைத்திருக்கு, குளுகுளு என்று கேட்குது என்று சொல்லியிருப்பான். தலையைச் சரித்தால் வழிந்திருக்கும், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் தானாகக் காய்ந்திருக்கும். வெறும் தண்ணீர் நின்றால் அடைப்பு வரும், எரிச்சல் வரலாம், ஆனால் இரவு ஒரு மணிக்குக் கத்துகிற வலியும் காய்ச்சலும் வராது.

ஆனால் மாமி சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அடிக்கடி கடலிலோ குளத்திலோ குளிக்கும் பிள்ளைக்குக் காதின் வெளிவழித் தோல் ஊறிப்போய், அதில் கிருமி பிடித்து வீங்குவது உண்டு. அது குளித்த அன்றே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். அதுவும் நல்ல வலி. உங்கள் மகன் ஞாயிறு குளித்து செவ்வாய் இரவு கத்தியிருப்பதால் இதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

பிரித்தறிய ஒரு சின்ன வழி இருக்கிறது. காதுத் துவாரத்துக்கு முன்னால், கன்னத்தோடு ஒட்டி ஒரு சிறு குருத்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் மெதுவாக அமத்திப் பாருங்கள், பிறகு காது மடலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளிவழித் தோல் வீங்கியிருந்தால் அந்தத் தொடுகைக்கே துள்ளுவான். நடுக்காதில் இருந்தால் அமத்துவதால் வலி கூடாது, ஏனென்றால் நீங்கள் தொடுகிற இடத்துக்கும் வலிக்கிற அறைக்கும் நடுவில் செவிப்பறை இருக்கிறது. இதைச் செய்யும்போது முதலில் வலியில்லாத காதில் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் பயத்துக்கே அழுவார்கள். நல்ல காதைத் தொட்டபோதும் அதே மாதிரி அழுதால் அந்தச் சோதனையில் இருந்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. அவன் உங்கள் மடியில் அரைத் தூக்கத்தில் இருக்கும் நேரம் நல்லது.

வெளிவழி வீக்கத்தில் வலி வருவதற்கு முன் காது கடிக்கும், பிள்ளை விரலை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டே இருப்பான். தடிமனுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் மகனிடம் கடி இருந்ததாக நீங்கள் எழுதவில்லை, தடிமனும் காய்ச்சலும் இருக்கிறது. அதனால்தான் என் கணக்கு உள்பக்கம் சாய்கிறது.

அழுக்குக்கு வருவோம். காதுக் குறும்பியை அழுக்கு என்று சொல்லிச் சொல்லியே அதன் மேல் நமக்கு ஒரு கோபம் வந்துவிட்டது. அது வெளிவழியின் வெளிப்புறப் பகுதித் தோல் தானே சுரக்கிற பிசின். தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொண்டு, கதைக்கும்போதும் மெல்லும்போதும் நாடி அசைவோடு தானாக வெளியே நகர்ந்து வந்து விழும். அது நிறையச் சேர்ந்து அடைத்தால் கேட்பது மந்தமாகும், காது நிறைந்த மாதிரி இருக்கும், குளித்த பிறகு ஊறிப் பெருத்து அடைப்புக் கூடும். காய்ச்சலை அது கொண்டுவராது. தடிமனுக்குப் பிறகு திடீரென்று இரவில் வலித்தால், காது வாசலில் குறும்பி தெரிந்தாலும் அது அங்கே முன்பே இருந்தது என்றுதான் எடுக்க வேண்டும். வலிக்கிற நேரத்தில் காதுக்குள் எட்டிப் பார்ப்பதால்தான் அது நம் கண்ணில் படுகிறது, உடனே அதன் மேல் பழியைப் போடுகிறோம்.

கொட்டன்பட், கொண்டை ஊசி, கோழி இறகு, நெருப்புக்குச்சி, இவை எதையும் உள்ளே விடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே வந்துகொண்டிருந்த குறும்பியை அது திரும்ப உள்ளே தள்ளி இறுக்கிவிடும். வலியில் திமிறுகிற பிள்ளையின் காதில் குச்சி ஒரு அரை அங்குலம் கூடப் போனால் செவிப்பறையையே குத்திவிடும்.

இப்போது எண்ணெய். கிண்ணியாப் பக்கத்தில் இருந்து ஒருதரம் நாலு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். இரவு முழுக்கக் காதுக்குத்து. அம்மம்மா உள்ளி போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு தரம் விட்டிருக்கிறா. விடியப்புறம் வலி சட்டென்று நின்றுவிட்டது. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். எழும்பிப் பார்த்தால் தலகணியில் மஞ்சளாக ஈரம், அதில் இலேசாக இரத்தமும். நான் காதுக்குள் பார்த்தபோது எண்ணெயும் சீழும் கலந்து கிடந்தது, செவிப்பறை தெரியவே இல்லை. உறிஞ்சியெடுத்து, மூன்று நாள் கழித்துத் திரும்பப் பார்த்தபோதுதான் அதில் சின்ன ஓட்டை ஒன்று தெரிந்தது.

அந்த அம்மம்மா வேண்டுமென்று செய்யவில்லை. அவவுடைய காலத்தில் இரவு ஒரு மணிக்கு வைத்தியரிடம் போக வழி இல்லை, பிள்ளை அழும்போது கையில் இருந்ததை எடுத்தா. நடந்தது என்னவென்றால், உள்ளே இருந்த சீழ் தள்ளித் தள்ளிச் செவிப்பறை தானாக ஒரு இடத்தில் வெடித்துவிட்டது. அமுக்கம் விட்டதும் வலி நின்றது. எண்ணெய் விடாவிட்டாலும் அது நடந்திருக்கும். எண்ணெய் செவிப்பறையைத் தாண்டி உள்ளே போகவே இல்லை, அதனால் அங்கே இருந்த சீழுக்கு அது எதுவும் செய்திருக்க முடியாது. வெடித்த பிறகு விட்டதென்றால் நிலைமை இன்னும் மோசம், அப்போது ஓட்டை வழியாக எண்ணெய் நடுக்காதுக்கே போய்விடும். சூடு கொஞ்சம் கூடிப்போய் காதுத் தோல் வெந்து வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். வெங்காயச் சாறு, தாய்ப்பால், பார்மசியில் கேட்டு வாங்கும் காதுத்துளி, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சில காதுத்துளிகளில் உள்ள மருந்து, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உட்காதுக்குப் போய்க் கேட்கும் நரம்பையே பாதிக்கக்கூடியது. பார்க்காமல் விடக் கூடாது.

வெடித்தது என்று கேட்டதும் பயம் வரும். இந்த மாதிரித் தொற்றில் வெடிக்கிற சின்ன ஓட்டை பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில கிழமைகளில் தானாக மூடிவிடும். அந்தப் பிள்ளைக்கும் மூடியது. அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. முழுக வார்க்கும்போது வஸ்லின் பூசிய பஞ்சைக் காது வாசலில் வைத்து, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கப் பஞ்சை அடைத்து வைக்கக் கூடாது, சீழ் வெளியே வரட்டும், வெளியில் வருவதை மட்டும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். கடல் குளியலும் வேண்டாம். இப்படி வடிந்தால் அது வைத்தியர் பார்க்கவே வேண்டிய காது. உருகின குறும்பியும் சில வேளை காதால் வழியும், அது கபில நிறமாக மெழுகு மாதிரி இருக்கும். சீழ் மஞ்சளாக, நீர்த்தன்மையாக, ஒட்டும், மணக்கும், தலகணியில் காய்ந்து பொருக்காக இருக்கும்.

சரி, இன்று இரவு திரும்ப வலித்தால் என்ன செய்வது? வலிக்கு மருந்து கொடுங்கள். காது பழுத்திருக்கோ இல்லையோ, முதல் இரண்டு நாளில் பிள்ளைக்கு உண்மையில் உதவுவது அதுதான். பரசிட்டமோல் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் மகன் 14 கிலோ, ஆகவே 210 மி.கி. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சிரப்பில் 5 மி.லீ.க்குள் 120 மி.கி. இருக்கும், அதில் எட்டரை மி.லீ. அளந்தால் சரியாக இருக்கும். ஆனால் போத்தலைத் திருப்பி எழுத்தை வாசியுங்கள். 5 மி.லீ.க்குள் 250 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, அதில் இதே எட்டரையை ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். தேக்கரண்டி வேண்டாம், மருந்தோடு வரும் அளவுக் குவளை அல்லது ஊசி இல்லாத சிரிஞ் போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம், 24 மணி நேரத்தில் நாலு தரத்துக்கு மேல் கூடாது. தடிமனுக்கு என்று வாங்கிய வேறு சிரப்பிலும் பரசிட்டமோல் இருக்கலாம், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இதை நான் திருகோணமலை ஆட்களுக்கு எப்போதும் அழுத்திச் சொல்வேன். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் காதுவலிக்கு ஐபுபுரோஃபன் நல்லது, கொடு என்று சொல்லுவார்கள். அவர்கள் ஊரில் அது சரி. இங்கே காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு, டெங்கு இல்லை என்று தெரியும்வரை அதைக் கொடுக்கக் கூடாது, டெங்குவில் அது இரத்தப்போக்கைக் கூட்டும். 2017-ல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அஸ்பிரினும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். காதுவலி இருக்கிறது, அதனால்தான் காய்ச்சல் என்று மனதைத் தேற்றிக்கொண்டும் இருக்காதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள்.

மருந்து கேட்க அரை மணி, முக்கால் மணி எடுக்கும். அந்த நேரம் அவனைப் படுக்க வைக்காமல் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள், சிறு சிறு மிடறாக ஏதும் குடிக்கக் கொடுங்கள். ஒவ்வொரு விழுங்கலும் அந்தக் குழாயைக் கொஞ்சம் திறக்கப் பார்க்கும். இளஞ்சூட்டுத் துணியைக் காதின் வெளிப்பக்கம் ஒத்தலாம், முதலில் உங்கள் முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு விடுவதில் தவறில்லை. தடிமன் நிற்பதற்கென்று விற்கும் சிரப்புகள் காதுத் தொற்றைச் சுருக்குவதில்லை, நித்திரையைத்தான் கூட்டும்.

வைத்தியரிடம் போனால் அவர் ஓட்டோஸ்கோப்பால் பார்ப்பார். அது லைட்டும் சின்னக் கூம்பும் வைத்த கருவி, வலிக்காது, ஆனால் பிள்ளை அசையக் கூடாது. அவனைப் பக்கவாட்டாக உங்கள் மடியில் இருத்தி, ஒரு கையால் அவனுடைய இரு கையையும் சேர்த்து அணைத்து, மற்றக் கையால் தலையை உங்கள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டால் பார்ப்பவருக்கு ஐந்து விநாடி போதும். நல்ல செவிப்பறை முத்து மாதிரிச் சாம்பல் நிறம், கொஞ்சம் உள்ளே குழிந்து, வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும். பழுத்த காதில் அது கொப்புளம் மாதிரி வெளிப்பக்கம் புடைத்து, மஞ்சளும் சிவப்புமாக மங்கிப்போய் இருக்கும். சிவப்பை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, அழுத பிள்ளையின் செவிப்பறை எப்படியும் சிவக்கும். நாங்கள் தேடுவது புடைப்பை.

புடைத்திருந்தாலும் வைத்தியர் அன்டிபயோட்டிக் எழுதாமல் அனுப்பலாம். அதைக் கவலையீனம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தத் தொற்று இரண்டு மூன்று நாளில் உடம்பே சரியாக்கிவிடும், அன்டிபயோட்டிக் கொடுத்தாலும் முதல் நாள் வலியில் பெரிய வித்தியாசம் தெரியாது. வயிற்றோட்டமும் தோலில் தடிப்பும்தான் கூடுதலாக வரக்கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இரண்டு காதும் பழுத்த இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, காதால் சீழ் வடிகிற பிள்ளை, 39 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் உள்ள அல்லது நல்ல சோர்வாக இருக்கும் பிள்ளை என்றால் காத்திருப்பதில்லை, உடனே தொடங்குவோம். உங்கள் மகன் வயதில், ஒரு காது மட்டும், காய்ச்சல் அதிகமில்லை, பகலில் விளையாடுகிறான் என்றால் இரண்டு மூன்று நாள் வலிமருந்தோடு பார்த்து, குறையாவிட்டால் அல்லது கூடினால் தொடங்கலாம் என்பது நியாயமான வழி. தொடங்கினால் வழமையாக அமொக்சிசிலின்தான். அது வேலை செய்கிறதா என்று தெரிய 48 முதல் 72 மணி நேரம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் காய்ச்சலும் வலியும் அப்படியே இருந்தால் திரும்பக் காட்டுங்கள். அக்காவுக்குப் போன மாதம் கொடுத்து மிச்சமிருக்கும் சிரப்பைக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், கரைத்து வைத்த சிரப்பு ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் நம்பத்தகாது.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. காதுக்குப் பின்னால் எலும்புப் பக்கம் சிவந்து வீங்கி, மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால் தொற்று எலும்புக்குப் போயிருக்கலாம், அது அவசரம். கழுத்தை மடக்க முடியாமல் இருப்பது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, திரும்பத் திரும்பச் சத்தி, முகம் ஒரு பக்கம் கோணுவது, நடக்கும்போது தள்ளாடுவது, இவையும் அப்படித்தான். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகை வந்தாலே போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990-க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசில்லை.

தண்ணீர் என்ற சொல்லால் வரும் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில கிழமை கழித்து ஒரு வைத்தியர் உங்களிடம் காதுக்குள் தண்ணி நிற்குது என்று சொல்லக்கூடும். மாமி உடனே, நான் அன்றைக்கே சொன்னேனே என்பா. அவர் சொல்வது கடல் தண்ணீர் இல்லை. தொற்று ஆறிய பிறகும் நடுக்காதில் ஊறிய நீர் உடனே வடிந்துபோகாது, செவிப்பறைக்கு உள்பக்கம் கிழமைக் கணக்கில் நிற்கும், மூன்று மாதம் வரையும் நிற்கலாம். அதற்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அன்டிபயோட்டிக்கும் தேவையில்லை. தலையைச் சரித்தாலோ காதை ஊதினாலோ அது வராது, வரும் வழி மூக்குப் பக்கத்தால்தான். பெரும்பாலும் தானாக வடியும். ஆனால் அது நிற்கும்வரை பிள்ளைக்குத் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலத்தான் கேட்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த வயதில்தான் அவன் சொற்களைக் காதால் பொறுக்குகிறான். சொல் கேளாத பிள்ளை, குழப்படி கூடிப்போச்சு என்று ஆசிரியை சொல்லி, அடியும் வாங்கி, கடைசியில் பார்த்தால் இரண்டு காதிலும் நீர் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். டிவியின் சத்தத்தைக் கூட்டச் சொல்வது, கிட்டப்போய் நின்று பார்ப்பது, ஆ, என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்பது, சொற்களின் முடிவை விழுங்கிக் கதைப்பது, இவைதான் வீட்டில் தெரியும் அடையாளங்கள்.

வலி ஆறி ஆறு கிழமை ஆனதும் ஒருநாள் அவன் ஏதாவது விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு ஆள் தூரத்தில் நின்று, அவன் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாதபடி, மெதுவான குரலில் அவனுக்குப் பிடித்த ஒரு சாப்பாட்டின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் வேறு வேறு நேரத்தில் செய்து பார்த்தும் திரும்பாவிட்டால், அல்லது மேலே சொன்ன அடையாளங்கள் மூன்று மாதமாகியும் போகாவிட்டால், மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொல்லி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரக் கேளுங்கள். போகும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும், இந்த முறை கொடுத்த மருந்துத் துண்டையும், எந்தக் காது என்று எழுதி வைத்த திகதியையும் கொண்டுபோங்கள்.